இரவு பத்து மணிப் புட்டி

கேள்வி: என் மகளுக்கு 52 நாள் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். பிறந்தபோது 2 கிலோ 900. 45-ஆம் நாள் ஊசிக்குப் போனபோது 4 கிலோ இருந்தாள். ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறாள். ‘உன் பால் தண்ணியா இருக்கு, பத்து மணிக்கு ஒரு புட்டி பவுடர் பால் குடு, விடியுற வரைக்கும் தூங்குவா’ என்கிறார் மாமியார். மருந்துக் கடையிலும் அப்படியேதான் சொன்னார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் பால் போதுமா என்பதற்கு எடையே சாட்சி. பிறந்த முதல் சில நாளில் குழந்தையின் எடை கொஞ்சம் இறங்கி, பத்து நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில், பிறந்த எடைக்குத் திரும்பும். பத்தாம் நாள் திரும்பினாள் என்று வைத்துக்கொண்டால், அதன் பிறகு 35 நாளில் 1,100 கிராம் ஏறியிருக்கிறாள். நாளுக்கு ஏறத்தாழ 31 கிராம். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினாலே நாங்கள் திருப்தியாகத் தலையாட்டுவோம். தண்ணிப் பாலைக் குடித்து எந்தக் குழந்தையும் இப்படி ஏறாது.

அப்படியானால் ஏன் எழுகிறாள்? இந்த வயதில் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். ஏறக்குறைய 50, 60 நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதில் பாதி நேரம் கண் இமைக்குள்ளே அசையும், வாய் சப்புக்கொட்டும், முனகும், கை காலை உதறும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் விழிப்பின் விளிம்புக்கு வந்துதான் அடுத்த சுற்றுக்குள் போகும். இரவு எது, பகல் எது என்ற கணக்கு உடம்பில் படியவே இரண்டிலிருந்து நான்கு மாதம் ஆகும். வயிறு நிறைந்திருந்தாலும் இந்தச் சுற்று மாறாது. அவள் எழுவதற்கெல்லாம் பசி காரணமில்லை. எழுந்த பிறகு பால் குடித்தால் சுலபமாகத் தூங்குகிறாள், அதனால் பசியில்தான் எழுந்தாள் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

புட்டிப்பால் குடித்த குழந்தை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கியதே என்று பலர் சொல்வது பொய்யில்லை. பவுடர் பால் வயிற்றில் கெட்டியாகத் திரிந்து, தாய்ப்பாலைவிட மெதுவாக இறங்கும். புட்டியில் பால் தானாக ஒழுகி வருவதால் குழந்தை தேவைக்கு மேலேயும் குடித்துவிடும். அதனால் ஓர் இரவு, இரண்டு இரவு அடுத்த பால் அரை மணி, முக்கால் மணி தள்ளிப்போகலாம். ஆனால் ‘விடியுற வரைக்கும்’ என்பது நடப்பதில்லை. 1989-இல் அமெரிக்காவில் 106 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஐந்தாம் வாரத்திலிருந்தும் மறு பாதிக்கு நான்காம் மாதத்திலிருந்தும் படுக்கும் முன் அரிசி மாவுக் கஞ்சியைப் புட்டியில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2015-இல் பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் தாய்மார் 715 பேரிடம் விசாரித்தபோது இன்னொன்று தெரிந்தது. பகலில் நிறையச் சாப்பிட்ட குழந்தைகள் இரவில் பால் கேட்பது குறைந்தது. ஆனால் எழுவது குறையவில்லை. தாய்ப்பால் குழந்தை, பவுடர் பால் குழந்தை என்ற வித்தியாசமும் அதில் இல்லை.

இன்னொன்றையும் மாமியாரிடம் சொல்லுங்கள். லேசில் எழுவது இந்த வயதில் ஒரு காவல். காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே நேரும் குழந்தை மரணம் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் குறைவு. அவர்கள் சுலபமாக விழித்துக்கொள்வது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இப்போது அந்தப் பத்து மணிப் புட்டி என்ன செய்யும் என்று பாருங்கள். முதல் இரவு 90 மில்லி கொடுக்கிறீர்கள். குழந்தை ஒரு மணிக்கு எழுகிறது. பத்து மணிக்கு மார்பிலிருந்து போக வேண்டிய பால் போகவில்லை. மார்பு கனத்து, பால் கட்டி வலிக்கிறது. நிரம்பி நிற்கும் மார்பு, ‘இவ்வளவு வேண்டாம்’ என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு சுரப்பைக் குறைக்கும். அதுவும் இரவு நேரம். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் உச்சத்தில் இருக்கும், அந்த நேரத்துச் சப்புதல்தான் அடுத்த நாளின் பாலுக்கு அச்சாரம். சில நாளில் கட்டுவது நின்றுவிடும். பழகிவிட்டது என்று நினைப்பீர்கள். சுரப்பு குறைந்துவிட்டது என்பதே உண்மை. அடுத்த வாரம் மாலையில் குழந்தை மார்பில் இழுத்து இழுத்து அழும். ‘பார், நான் சொன்னேனே, பால் பத்தல’ என்பார்கள். இரண்டாவது புட்டி வரும். முதல் நாள் பொய்யாக இருந்த வார்த்தையை மூன்றாவது வாரத்தில் புட்டியே மெய்யாக்கிவிடும். தூக்கத்துக்காக ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் டப்பாவுக்கு மாறிப்போன தாய்மார் கதை அநேகமாக இந்த வரிசையில்தான் நடக்கிறது.

மாலை ஆறிலிருந்து பத்துவரை குழந்தை விடாமல் மார்பையே தேடுவதும் பால் வற்றியதன் அடையாளம் அல்ல. அந்த நேரத்தில் மார்பு தளர்ந்திருக்கும், ஒரு தடவைக்கு வரும் பால் குறைவு, ஆனால் கொழுப்பு அதிகம். குழந்தை சிறுகச் சிறுகக் குடித்து இரவுக்குச் சேர்த்துக்கொள்கிறது. ‘கடைசிப் பால் கனமாக இருக்கணும்’ என்று நீங்கள் தேடுவது உங்களிடமே இருக்கிறது.

பவுடர் பாலில் இன்னொரு ஆபத்து, தூக்கத்துக்காகக் கெட்டியாகக் கரைப்பது. நம் ஊர் டப்பாக்களில் பெரும்பாலும் 30 மில்லி தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு கரண்டி. ‘ராத்திரிக்கு ஒண்ணு கூடப் போடு’ என்ற யோசனை எல்லா வீட்டிலும் கிளம்பும். கரண்டி கூடினால் உப்புச்சத்து கூடும், அதை வெளியேற்றச் சின்னச் சிறுநீரகம் உடம்பிலுள்ள தண்ணீரை இழக்கும், மலம் இறுகும், தாகத்தில் குழந்தை அழும். அந்த அழுகைக்கு இன்னொரு புட்டி. ராகிக் கூழையோ பிஸ்கட்டையோ புட்டியில் கரைப்பதும் வேண்டாம், புரையேறும். ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. தூங்குவதற்கென்று மருந்துக் கடையில் கொடுக்கும் சளி மருந்தையும், ஜாதிக்காய் உரைத்து ஊட்டுவதையும் தொடவே தொடாதீர்கள். அவை குழந்தையை மயக்கத்தில் போடும்.

மருந்துக் கடைக்காரர் சொன்னதைப் பற்றிக் கோபமாகவே சொல்கிறேன். பவுடர் பாலை விளம்பரம் செய்வதும், தாய்மாருக்கு இலவச டப்பா, பரிசு, தள்ளுபடி கொடுப்பதும், மருத்துவமனை ஊழியருக்கு ஆதாயம் காட்டுவதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2003-இல் அது இன்னும் இறுக்கப்பட்டு, இரண்டு வயது வரைக்குமான பால்பொடிகளும் உள்ளே வந்தன. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. நடப்பதோ வேறு. பிரசவத் தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள், அம்மாமார் குழு என்ற பெயரில் கூப்பன் வருகிறது. இதைவிட வருத்தம், பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் சீட்டிலேயே ‘தேவைப்பட்டால் டாப் ஃபீட்’, அதாவது மேற்கொண்டு பவுடர் பால், என்று ஒரு வரி எழுதிவிடுவது. எத்தனை மில்லி, எத்தனை வேளை, எந்தத் தேதிவரை, எதற்காக என்று ஒன்றும் இருக்காது. குழந்தையை மார்பில் சரியாகப் பொருத்திக்காட்ட அரைமணி நேரம் ஒதுக்க ஆள் போடாத வார்டுக்கு, அந்த வரி எழுதுவது சுலபம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், அதை ஊர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறது. பால் நிஜமாகவே போதாத குழந்தை எப்போதும் அழுதுகொண்டிருக்காது. அது தூங்கும். நான்கு, ஐந்து மணி நேரம் அசையாமல் தூங்கும். எழுப்பி மார்பில் வைத்தால் நாலு சப்பு சப்பி மறுபடி கண் சொருகும். ‘தங்கமான பிள்ளை, தொந்தரவே இல்லை’ என்று வீடே பாராட்டும். உடலில் சக்தி இல்லாததால் வரும் தூக்கம் அது. பிறந்த எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தை, மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை, மஞ்சள் காமாலை ஏறிய குழந்தை ஆகியோரிடம் முதல் இரண்டு வாரம் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஐந்து நாளுக்குப் பிறகும் ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர், அது அடர்மஞ்சளாக அல்லது துணியில் செங்கல் நிறக் கறையாக, இரண்டு வாரமாகியும் பிறந்த எடை வராமல், இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே கூடுதல் பால் என்பது சிகிச்சை. முதலில் மார்பில் குடிக்கவிட்டு, பிறகு பீய்ச்சிய தாய்ப்பாலை, அது போதாவிட்டால் மட்டும் பவுடர் பாலை, மருத்துவர் மில்லிக்கணக்கில் எழுதித் தந்தபடி பாலாடையில் புகட்ட வேண்டும். சுரப்பைக் கூட்ட அதே வேளைகளில் பாலைப் பீய்ச்சவும் வேண்டும். எடை ஏற ஏறக் கூடுதல் பாலைக் குறைத்து நிறுத்தும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் மகள் இந்த வரிசையில் இல்லை.

சரி, உங்களுக்குத் தூக்கம் வேண்டுமே. அதற்கு மாற்ற வேண்டியது வீட்டின் ஏற்பாட்டை. மாலையில் கேட்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டு, அவள் முதலில் நீளமாகத் தூங்கும் நேரம் எட்டரையோ ஒன்பதோ, அப்போதே நீங்களும் படுத்துவிடுங்கள். பதினொன்று வரை சமையலறையில் நின்றுவிட்டுப் படுத்தால் அந்த நீளத் தூக்கம் உங்களுக்குக் கிடைக்காது. இரவில் முனகியதும் தூக்காதீர்கள். ஓரிரு நிமிடம் பாருங்கள், பாதி நேரம் தானே அடங்கும். கை வாய்க்குப் போய், தலை திரும்பித் தேடினால் கொடுங்கள். விளக்கு போட வேண்டாம், பேச்சு வேண்டாம், மலம் போகாவிட்டால் துணி மாற்றவும் வேண்டாம். கெட்டியான படுக்கையில், தலையணை, போர்வை பக்கத்தில் இல்லாமல், ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குடித்ததும் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

மாமியார் உதவ விரும்பினால் விடியற்காலைப் பாலுக்குப் பிறகு அவர் குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும், நீங்கள் ஆறிலிருந்து எட்டுவரை தூங்குங்கள். வாரத்தில் ஓர் இரவு ஒரு வேளை அவரே புகட்ட வேண்டுமென்றால், அன்று காலை மார்பு நிறைந்திருக்கும்போது குழந்தை குடித்தது போக மிச்சத்தைக் கையால் பீய்ச்சி, முன்பே தண்ணீரில் கொதிக்கவிட்டு ஆறவைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம். இரவில் கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்திக் குளிர் போக்கி, பாலாடையின் நுனியைக் கீழுதட்டில் வைத்து, அவள் நக்கி விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும். வாய்க்குள் ஊற்றக் கூடாது. மீதமானதை மறுபடி வைக்காமல் கொட்டிவிடுங்கள்.