முதல் சம்பளக்காரர்களுக்கான செயலிக்கு என்ன தலைப்பு வைப்பது?

கேள்வி: முதன்முதலாக மாதச் சம்பளத்துக்குப் போகும் இளைஞர்களுக்காக வரவு செலவுச் செயலி ஒன்றை திருநெல்வேலியில் நண்பர்கள் சேர்ந்து உருவாக்கியிருக்கிறோம். முகப்புப் பக்கத்தில் 'உங்கள் நிதி எதிர்காலத்தைத் திட்டமிடுங்கள்' என்று தலைப்பு வைத்தோம். பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். தலைப்பையும் துணைத் தலைப்பையும் எப்படி மாற்றலாம்?

பதில்:

உங்கள் செயலியின் பெயரை விரலால் மறைத்துவிட்டு அந்த வரியை மட்டும் படித்துப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அது பொருந்தும், நகைக்கடைச் சேமிப்புத் திட்டத்துக்கும் பொருந்தும். படிக்கிற பிள்ளைக்கு 'இது எனக்கு' என்று தோன்ற அதில் எதுவும் இல்லை. பாளையங்கோட்டையில் கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதுவதுதான் என் வேலை. இப்படிப்பட்ட வரி எதையும் விற்றுக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

சொற்களைத் தேடுவதற்கு முன்னால் ஒரு சம்பளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வண்ணார்பேட்டையில் ஒரு துணிக்கடையின் கணக்குப் பிரிவில் சேர்ந்திருக்கும் பெண் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 18,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 12,000. வருங்கால வைப்பு நிதிக்கு அடிப்படையில் 12 சதவீதம், அதாவது 1,440 பிடிப்பார்கள். சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். கைக்கு வருவது 16,425. வீட்டுக்கு 5,000, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 5,500, சீட்டுக்கு 2,000. மிச்சம் 3,925. முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 130 ரூபாய்.

அந்த 130-தான் உங்கள் தலைப்பு. எந்த வங்கியும் அந்தப் பெண்ணுக்கு அதைச் சொல்வதில்லை. வங்கிச் செயலியில் இருப்பாகப் பெரிய தொகை தெரியும். அதில் விடுதிப் பணமும் சீட்டுப் பணமும் கலந்திருக்கும். ஐந்தாம் தேதி அதைப் பார்த்துத் தைரியமாகச் செலவு செய்பவர்கள் இருபதாம் தேதி தோழியிடம் கை நீட்டுகிறார்கள். அவர்களிடம் எதிர்காலம் பற்றிப் பேசுவதைவிட இன்றைய நாளைப் பற்றிப் பேசுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

தலைப்பு: இன்று எவ்வளவு செலவழிக்கலாம்? காலையிலேயே தெரியும்.

துணைத் தலைப்பு: முதல் சம்பளக்காரர்களுக்கான செயலி. வீட்டுக்கு, விடுதிக்கு, சீட்டுக்கு ஒதுக்கியது போக மீதியை நாள்வாரியாகக் காட்டும். வங்கிக் கடவுச்சொல் கேட்காது.

தலைப்பு ஒரே ஒரு பயனைச் சொல்கிறது. யாருக்கு, எப்படி என்பதையெல்லாம் துணைத் தலைப்பு பார்த்துக்கொள்கிறது. படிப்பவர் மனத்தில் எழும் பயத்துக்கும் அங்கேயே பதில் இருக்கிறது. இணைய மோசடிச் செய்திகளைத் தினமும் படிக்கும் பெற்றோர் வீட்டில் இருக்கிறார்கள். கடவுச்சொல் வரி பொத்தானுக்குப் பக்கத்தில் இருப்பது அதனால்தான். உங்கள் செயலி உண்மையிலேயே கேட்காவிட்டால் மட்டும் அதை எழுதுங்கள்.

'வீட்டுக்கு' என்பதை முதலில் வைத்ததற்கும் காரணம் உண்டு. நம் பக்கத்தில் முதல் சம்பளத்தில் அம்மா கையில் கொடுக்கும் பணம் பெருமைக்குரியது. அதைச் செலவுப் பட்டியலில் தள்ளினாலோ, 'வீண்செலவைக் குறையுங்கள்' என்று கண்டித்தாலோ அந்தப் பிள்ளைகள் அவமானப்பட்டு மூடிவிடுவார்கள். 'மாதக் கடைசியிலும் கையில் பணம்' என்று எழுதவும் ஆசை வரும், எழுதாதீர்கள். திடீரென்று ஒரு மருத்துவச் செலவு வந்தால் அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. கணக்கைக் காட்டுவதுதான் செயலியால் முடிந்தது.

எழுதியதை விலை குறைந்த கைப்பேசியில் திறந்து பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கணினியில் ஒரு வரியில் அழகாக நிற்கும் தலைப்பு கைப்பேசியில் நான்கு வரியாக உடைந்து பொத்தானைத் திரைக்குக் கீழே தள்ளிவிடும். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடச் சற்று அதிகமாக இடம் விடுங்கள். இல்லாவிட்டால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும்.

இரண்டு தலைப்புகளை மாற்றி மாற்றிக் காட்டி எண்ணிக்கையால் முடிவெடுப்பது உங்களுக்கு இப்போது உதவாது. வாரத்துக்கு நூறு பேர் வரும் பக்கத்தில், ஒன்றுக்கு நான்கு பேரும் இன்னொன்றுக்கு ஆறு பேரும் சேர்ந்தால் அது தற்செயலாகவே இருக்கலாம். கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலைநேரம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் போங்கள். பக்கத்தை ஐந்து விநாடி காட்டிவிட்டுக் கைப்பேசியைத் திருப்பி வைத்துக்கொண்டு, 'இது என்ன செய்யும், யாருக்கு?' என்று மட்டும் கேளுங்கள். 'ஏதோ சேமிப்பு' என்றால் தலைப்பு தோற்றது. 'இன்றைக்கு எவ்வளவு செலவு செய்யலாம்னு சொல்லும்' என்றால் நிற்கிறது. 'கடன் தருமா?' என்று பலர் கேட்டால் துணைத் தலைப்பைத் திருத்துங்கள்.

பொத்தானில் 'பதிவு செய்க' வேண்டாம், 'என் இன்றைய தொகையைக் காட்டு' என்று வையுங்கள். அழுத்தியதும் வரும் முதல் திரை கைக்கு வரும் சம்பளத்தையும் அந்த மூன்று ஒதுக்கீடுகளையும் மட்டும் கேட்கட்டும். மின்னஞ்சலும் பிறந்த தேதியும் தொகையைக் காட்டிய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.