டிவி சத்தம் ஸ்மார்ட் ஸ்பீக்கரில்: உதடு முன்னே, பேச்சு பின்னே

டிவியில் புளூடூத் இருக்கிறது, ரிமோட் அதில்தான் ஓடுகிறது. அமேசான் எக்கோ ஸ்பீக்கர் மட்டும் பட்டியலில் வரவே மாட்டேன் என்கிறது, ஏன்?

ரிமோட் ஓடுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சில டிவிகளில் புளூடூத் ரிமோட்டுக்கும் கீபோர்டுக்கும் மட்டும்தான், சத்தத்தை வெளியே அனுப்பாது. Sound Output பக்கத்தைத் திறந்து பாருங்கள். Bluetooth Speaker List மாதிரி ஒரு வரி இருந்தால் அனுப்பும். இல்லையென்றால் தனியாக ஒரு புளூடூத் டிரான்ஸ்மிட்டர் வாங்கி டிவியின் ஹெட்போன் ஓட்டையில் செருக வேண்டியதுதான்.

வரி இருந்தும் எக்கோ தென்படவில்லையா? உங்கள் போன் ஏற்கெனவே அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு, எக்கோவிடம் "அலெக்ஸா, பேர்" என்று சொல்லிவிட்டு, உடனே டிவியில் தேடுங்கள்.

சார், இணைந்துவிட்டது. ஆனால் செய்தி வாசிப்பவர் வாயை மூடிய பிறகுதான் பேச்சு வருகிறது. Digital Output Audio Delay-ஐ 0-இலிருந்து 100-க்கு ஏற்றினேன், இன்னும் மோசமாகிவிட்டது!

மோசமாகத்தான் ஆகும். அந்த அமைப்பு சத்தத்தைப் பின்னுக்குத் தள்ளுவதற்கு. உங்கள் சத்தமோ ஏற்கெனவே பின்தங்கி நிற்கிறது. முதலில் அதை 0-க்குக் கொண்டுவாருங்கள்.

புளூடூத்தில் டிவி சத்தத்தைச் சுருக்கி அனுப்புகிறது. ஸ்பீக்கர் அதை விரிக்கிறது, நடுவே விட்டுப்போகாமல் இருக்கக் கொஞ்சம் சேமித்தும் வைத்துக்கொள்கிறது. சாதாரணமாக 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை இதிலேயே போய்விடும். பாட்டு கேட்டால் தெரியாது, முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது உறுத்தும். போன சத்தத்தை இழுத்து முன்னே கொண்டுவர வழியில்லை. படத்தை அந்த அளவுக்கு நிறுத்திவைப்பது ஒன்றுதான் மருந்து, அதை எல்லா டிவியும் செய்வதில்லை.

சில ஆப்கள் தாமே செய்துகொள்ளும். அதனால்தான் ஒரு ஆப்பில் சரியாகவும் கேபிள் சேனலில் தள்ளியும் இருப்பதாகப் பலர் குழம்புகிறார்கள். கோடி (Kodi) என்ற பிளேயர் ஆப்பில் படம் பார்ப்பவர் என்றால் கையாலேயே சரிசெய்யலாம். படம் ஓடும்போது ஆடியோ அமைப்பில் Audio offset-ஐத் திறந்து "ahead by 0.200s" என்று வைத்துப் பாருங்கள். யாராவது ப, ம வரும் சொல் பேசும் இடமாகப் பிடியுங்கள். அந்த எழுத்துகளில் உதடு மூடித் திறக்கும் கணம் நன்றாகத் தெரியும். உதடு திறப்பதற்கு முன்பே சத்தம் கேட்டால் 0.175-க்கு இறக்குங்கள். இன்னும் பின்தங்கினால் 0.225.

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். புளூடூத்தை விட்டுத்தள்ளுங்கள், வைஃபையில் தாமதமே கிடையாது. ஃபயர் டிவி ஸ்டிக்கையும் எக்கோவையும் அலெக்ஸா ஆப்பில் ஹோம் தியேட்டராகச் சேர்த்தேன், பிசகே இல்லை.

பாதி சரி அண்ணா. வைஃபையிலும் தாமதம் உண்டு. ஸ்டிக்கும் எக்கோவும் ஒரே ஜோடி என்பதால் ஸ்டிக் படத்தையும் சேர்த்தே தாமதிக்கிறது, உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதே ஸ்டிக்கில் ஒரு கேம் விளையாடிப் பாருங்கள், பட்டனை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் சத்தம் வரும்.

இன்னொன்று, ஸ்டிக்கில் ஓடுவது மட்டும்தான் எக்கோவில் கேட்கும். வேறு எச்டிஎம்ஐயில் செட்டாப் பாக்ஸ் இருந்தால் அதன் சத்தம் டிவி ஸ்பீக்கரிலேயேதான். சினிமா, தொடர் எல்லாம் ஸ்டிக்கிலேயே பார்க்கிறவருக்கு உங்கள் வழிதான் நல்லது, அதை மறுக்கவில்லை.

எனக்கும் இதே தொல்லை. "டிவியை ஆன் செய்" என்றால் எக்கோ கேட்பதே இல்லை.

இது வேறு விஷயம்மா. சத்தம் வெளியே போவதற்கும் குரலால் டிவியை இயக்குவதற்கும் தொடர்பில்லை, அதற்கு டிவியைத் தனியாக ஆப்பில் சேர்க்க வேண்டும்.

என்னிடம் 4-ஆம் தலைமுறை எக்கோ இருக்கிறது, பெரியது. வயர் போட்டால் இந்தத் தாமதம் போய்விடுமா?

போய்விடும். என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியதே இதுதான். டிவியின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து எக்கோவின் 3.5 மில்லிமீட்டர் ஓட்டைக்கு ஒரு வயர். அலெக்ஸா ஆப்பில் அந்த ஓட்டையை Line In என்று மாற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் இரு பக்கமும் சத்தத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், ஒன்றும் கேட்காது. சிறிய எக்கோ டாட் வைத்திருப்பவர்கள் இதை நம்பி வயர் வாங்க வேண்டாம். 4-ஆம் தலைமுறை டாட்டில் அந்த ஓட்டை வெளியே அனுப்ப மட்டும்தான், 5-ஆம் தலைமுறையில் ஓட்டையே இல்லை.

எனக்குப் புளூடூத்தில் தாமதம் நிலையாக இல்லை. ஒரு மணிநேரம் சரியாக இருக்கும், அப்புறம் விட்டுவிட்டுக் கேட்கும், அதன்பின் தள்ளிப்போகும்.

விட்டுவிட்டுக் கேட்பதுதான் துப்பு. புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும். டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி ஒரு முழுப் படம் பாருங்கள். அப்போதும் தள்ளிப்போனால் டிவியின் மென்பொருள் மீதுதான் சந்தேகம். சத்தத்தை ஒரு முறை டிவி ஸ்பீக்கருக்கு மாற்றி, மறுபடி எக்கோவுக்கு மாற்றினால் தற்காலிகமாகச் சரியாகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.