மெசேஜை மாற்றினால் மட்டும் போதுமா?

*எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு விதைநெல் முன்பதிவுத் தளம் இருக்கிறது. 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?' பக்கத்தில் உறுப்பினர் அல்லாதவர் மெயிலை அடித்தால் 'இந்த மெயில் பதிவாகவில்லை' என்று வருகிறது. இதை வைத்தே தரகர்கள் யார் யார் எங்களிடம் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடுகிறார்கள். ரீசெட் லிங்க் ஒரு வாரம் கழித்தும் திறக்கிறது. மெசேஜை மாற்றினால் போதும் என்கிறார் டெவலப்பர். போதுமா?*
*— வாசகர், மன்னார்குடி*

போதாது. 'இந்த மெயிலுக்குக் கணக்கு இருந்தால் லிங்க் அனுப்பியிருக்கிறோம்' என்று எல்லோருக்கும் ஒரே வாசகம் காட்டுவது முதல் படிதான். வாசகம் மறைப்பதை நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

உறுப்பினர் மெயில் என்றால் உங்கள் சர்வர் மெயில் அனுப்பி முடித்த பிறகுதான் பதில் சொல்கிறது; அதற்கு ஒன்றிரண்டு விநாடி ஆகும். இல்லாத மெயிலுக்குப் பதில் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். பிரவுசரில் F12 தட்டி Network பக்கத்தைத் திறந்து, இரண்டு வகை மெயிலையும் பத்துப் பத்து முறை அனுப்பிப் பாருங்கள். உங்களுக்குத் தெரியும் வித்தியாசம் தரகருக்கும் தெரியும்.

இதற்கு வழி, அந்தப் பக்கம் உறுப்பினர் பட்டியலையே தொடாமல் இருப்பது. அடித்த மெயிலை ஒரு வரிசைப் பட்டியலில் எழுதிவிட்டு உடனே பதில் சொல்லட்டும். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் கிரான் வேலை அந்தப் பட்டியலை எடுத்து, கணக்கு இருக்கிறதா என்று பார்த்து மெயில் அனுப்பட்டும். 'மணிக்கு மூன்று முறைதான்' என்ற கட்டுப்பாட்டையும் அடித்த மெயிலை வைத்தே எண்ணுங்கள். கணக்கை வைத்து எண்ணினால் உறுப்பினருக்கு மட்டும் நான்காவது முறை தடை வரும். குட்டு அங்கே உடையும்.

அடுத்தது டோக்கன், அதாவது ரீசெட் லிங்க்கில் சேர்ந்து போகும் ரகசியக் குறியீடு. ரெடிமேட் ஸ்கிரிப்டை விற்றுவிட்டுப் போகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மெயிலையும் அந்த நேரத்தையும் சேர்த்து md5 போட்டு 'டோக்கன்' என்று தலையில் கட்டுவார்கள். மெயில் தெரிந்தவன் நேரத்தை விநாடி விநாடியாக மாற்றிப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் பிடித்துவிடுவான். வேண்டியது இரண்டே வரி:

```php
$token = bin2hex(random_bytes(32));
$hash  = hash('sha256', $token);
```

`$token` மெயிலில் மட்டும் போக வேண்டும். டேட்டாபேஸில் `$hash` மட்டும் இருக்கட்டும். டேட்டாபேஸ் திருடு போனாலும் அதிலிருந்து லிங்க் உண்டாக்க முடியாது. ஆயுள் 30 நிமிடம்.

கொள்முதல் நிலையத்தில் ஒரு டோக்கனுக்கு ஒருமுறைதான் எடை போடுவார்கள். இங்கேயும் அப்படித்தான். 'பயன்படுத்தியாச்சா?' என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு தனியாகக் குறித்தால், அந்த இடைவெளியில் இரண்டு பேர் நுழையலாம். பார்ப்பதும் குறிப்பதும் ஒரே கட்டளையில் நடக்கட்டும்:

```sql
UPDATE password_resets SET used_at = NOW()
WHERE token_hash = ? AND used_at IS NULL
  AND expires_at > NOW();
```

இதனால் டேட்டாபேஸில் ஒரு வரி மாறியிருந்தால் மட்டும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். சுழியம் வந்தால் 'லிங்க் செல்லாது, புதிதாகக் கேளுங்கள்' என்று சொல்லி நிறுத்துங்கள். இந்தக் கட்டளை, புது பாஸ்வேர்டை அடித்துப் பொத்தானை அழுத்தும்போதுதான் ஓட வேண்டும். லிங்க்கைத் திறக்கும்போது அல்ல. சில மெயில் சேவைகள் வைரஸ் சோதனைக்காக லிங்க்கைத் தாங்களே ஒருமுறை திறந்து பார்க்கும். அப்போதே டோக்கன் செலவாகிவிட்டால், விவசாயி தொடும்போது செத்த லிங்க்தான் இருக்கும். மாற்றி முடித்ததும் அந்தக் கணக்கின் பழைய லாகின்களையும் மீதி டோக்கன்களையும் ரத்து செய்துவிடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் அடைபடாத ஓட்டை ஒன்று இருக்கிறது: பிரவுசிங் சென்டர். மெயில் இல்லாத விவசாயி பதிவு செய்யப் போனால், கடைக்காரர் தன் மெயிலையே போட்டுவிடுகிறார். ஒரே மெயிலில் நாற்பது கணக்கு என்றால், அத்தனை ரீசெட் லிங்க்கும் அவர் பெட்டியில்தான் விழும். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் கடை கணினியில் மெயில் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். உங்கள் டேட்டாபேஸில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```sql
SELECT email, COUNT(*) FROM members
GROUP BY email HAVING COUNT(*) > 1;
```

இதில் வரும் கணக்குகளுக்கு மெயில் வழி ரீசெட்டை நிறுத்திவிட்டு, அலுவலகத்தில் ஆளை நேரில் பார்த்து மாற்றிக் கொடுங்கள். இனி ஒரு மெயிலுக்கு ஒரு கணக்குதான் என்று வையுங்கள். ஆனால் அப்படி வைத்தவுடன் பதிவுப் பக்கம் 'இந்த மெயில் ஏற்கனவே உள்ளது' என்று சொல்ல ஆரம்பிக்கும். முன்வாசலை அடைத்துக் கொல்லையைத் திறந்து வைத்த கதைதான். அங்கேயும் 'மெயில் பாருங்கள்' என்ற ஒரே வாசகம்தான். ஏற்கனவே கணக்கு இருக்கும் செய்தி மெயிலில் போகட்டும்.

வயலில் நிற்கிற மனிதரிடம் மெயில் கட்டாயம் என்று படிவத்தில் சிவப்பு நட்சத்திரம் போடச் சொன்னது யார்? எந்தப் படிவத்தை எடுத்தாலும் இதே கூத்துதான், கடைக்காரர் மெயில் நுழைவதும் அதனால்தான். முதலில் அந்த நட்சத்திரத்தை எடுங்கள்.