எவ்வளவு பெரிதாக்கினாலும் பிரியாத புள்ளிகள்: கேள்வி பதில்

நாகர்கோவிலிலிருந்து ஒரு நிரலாளர்: ஐயா, 4,200 டெலிவரி முகவரிகளை MapLibre வரைபடத்தில் ஏற்றியிருக்கிறேன். வடசேரி அருகே 317 என்று காட்டும் வட்டத்தைத் தொட்டுக்கொண்டே போனால், கடைசியில் ஒரு புள்ளிதான் மிஞ்சுகிறது. மற்றவை எங்கே?

அங்கேயேதான், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. "வாய்க்கால் கரை, கோயிலுக்குப் பின்புறம்" என்று எழுதப்பட்ட முகவரிக்கு வீடு எதுவென்று தெரியாதபோது, முகவரியை இடமாக மாற்றும் சேவை பெரும்பாலும் 629001 என்ற பின்கோடு முழுமைக்கும் பொதுவான ஒரே புள்ளியைத் தந்துவிடும். நெருங்கிய புள்ளிகளை ஒரே வட்டமாகக் கொத்தாக்கும் கணக்கோ மீட்டரைப் பார்ப்பதில்லை, திரையின் பிக்சலைத்தான் பார்க்கிறது. `clusterRadius` 50 என்றால், நம் மாவட்டத்தில் அது ஜூம் 12-இல் சுமார் 950 மீட்டரையும் ஜூம் 16-இல் சுமார் 60 மீட்டரையும் குறிக்கும். அதனால்தான் பெரிதாக்கும்போது கொத்துகள் உடைகின்றன. ஆனால் இடைவெளியே இல்லாத புள்ளிகளை எந்த ஜூமும் பிரிக்காது. `clusterMaxZoom` 16 ஆக இருந்தால், 17-இல் கொத்தாக்கல் நின்று, 317 குறிகளும் ஒரே இடத்தில் வரையப்படும்.

தக்கலை வாசகர்: அந்த மதிப்பை 20 ஆக்கினால் போதுமே, எனக்குச் சரியாகிவிட்டது.

பாதி சரி. தரவு மூலத்தின் `maxzoom`-ஐயும் 21 ஆக்கினால், எண் மறையாமல் இன்னும் நான்கு ஜூம் வரை நிற்கும். அடுத்தடுத்த வீடுகளுக்கு அது நல்லதுதான். ஆனாலும் 21-இல் அதே கதை. வரைபடத்தில் ஏற்றுமுன்பே ஒரே இடத்தவற்றைச் சேர்த்துவிடுங்கள்.

```
const key = lat.toFixed(5) + ',' + lng.toFixed(5);
```

ஐந்து தசம இடம் என்பது ஏறத்தாழ ஒரு மீட்டர். ஒரே சாவியில் பல முகவரிகள் விழுந்தால், அதை வேறு நிறத்தில் ஒரே குறியாகக் காட்டி, தொட்டதும் பெரிதாக்காமல் முகவரிப் பட்டியலைத் திறக்கச் செய்யுங்கள். கொத்தின் எண்ணிக்கை குறைந்துவிடாதிருக்க, அக்குறியின் முகவரி எண்ணிக்கையை `clusterProperties` வழியாகக் கூட்டிக் காட்ட வேண்டும்.

நாகர்கோவில் நிரலாளர் மீண்டும்: ஒவ்வொன்றையும் சில மீட்டர் நகர்த்திப் பரப்பி வைக்கலாமா?

வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் பைக்கில் போகும் தம்பி, பொதி யாருக்கு என்றே தெரியாத வீட்டு வாசலில் போய் நிற்பார். தெரியாத இடம் தெரியாததாகவே காட்சியளிக்கட்டும். முதல் முறை பொதியைக் கொடுத்ததும் அவருடைய கைப்பேசி காட்டும் இடத்தை அம்முகவரிக்குப் பதிந்துகொள்ளலாம்.

மார்த்தாண்டத்தில் டெலிவரி கிளை நடத்துபவர்: ஒரு வட்டத்துக்கு ஓர் ஆள் என்று பிரித்து அனுப்புகிறோம். குழித்துறைப் பக்கம் மட்டும் தாமதமாகிறதே?

உங்கள் கேள்வி வேறு, அண்ணாச்சி. தாமிரபரணியின் இரு கரை வீடுகளும் திரையில் நெருங்கியிருந்தால் ஒரே வட்டத்தில் விழும். பாலம் எங்கே என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. ஜூமை மாற்றினால் வட்டங்களும் மாறிவிடும். ஆள் பிரிக்கச் சாலைத் தூரம் வேண்டும்.

அவரே: பாலத்துக்கு இருபுறமும் ஒரே ஆளே போகிறாரே, அப்படியிருந்தும்?

அப்படியானால் தாமதத்துக்கு வேறு காரணம் இருக்கலாம். ஒரு நாளைய வரிசையைப் பார்க்காமல் என்னால் சொல்ல இயலாது.