நைட் டியூட்டில 4 மணிக்கு மேல மூளை வேலை செய்யலையே!

கேள்வி: அக்கா, நான் பிரைவேட் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், நைட் 8 மணிலேர்ந்து காலைல 8 வரைக்கும் டியூட்டி. சார்ட் எழுத உக்காரும்போது மணி 4 ஆயிடுது, கண்ணு சொருகுது, தப்பா எழுதிடுறேன். எப்படி பிளான் பண்றது?

பதில்: சிஸ்டர், முதல்ல ஒண்ணு, இது சோம்பேறித்தனம் இல்ல. விடியற்காலை 3 டு 5 தான் உடம்போட சூடே குறையுற நேரம், பகல்ல நல்லா தூங்கிட்டு வந்தாலும் அப்ப கவனம் இறங்கத்தான் செய்யும். அதனால அந்த நேரத்துக்கு எந்த வேலை போகுதுன்னு பாருங்க. நீங்க சார்ட்டை மொத்தமா கடைசிக்குத் தள்ளுறீங்க, அதுதான் சிக்கல். மருந்து குடுத்த கையோட பெட் பக்கத்துலயே நின்னு எழுதிடுங்க.

ஹேண்ட்ஓவர் எடுத்ததும் 12 மணிக்குள்ள தலைக்கு வேலை இருக்கறத முடிச்சிருங்க. காலைல 6 மணி மருந்துக்கு எவ்ளோ மில்லி, டிரிப் எத்தன சொட்டுன்னு அப்பவே கணக்கு போட்டு எழுதி இன்னொரு சிஸ்டர்கிட்ட காட்டிடுங்க, ஆர்டர் மாறினா மட்டும் திரும்ப போடுங்க. ஆனா ஊசியை முன்னாடியே லோட் பண்ணி வைக்கவே கூடாது, எது யாருக்குன்னு மாறிடும். காலை ஹேண்ட்ஓவருக்கும் 1 மணிக்கே பாதி எழுதி வச்சிட்டா அப்புறம் நடந்தத மட்டும் சேர்த்தா போதும்.

3 மணிக்கு மேல நடந்து செய்யற வேலையா வச்சுக்கங்க, டிரே நிரப்பறது, லினன் எண்ணறது, பேஷன்ட்ட திருப்பிப் படுக்க வைக்கறது. உக்காந்தா தூக்கம் அமுக்கிடும்.

ஆனா இன்சுலின் மாதிரி மருந்தெல்லாம் நம்ம நேரம் பாத்து வராதே. 40 யூனிட் சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு. தூக்கக் கலக்கத்துல 100 யூனிட் வயலை சிவப்பு மூடி சிரிஞ்சுல 10 கோடு வரைக்கும் எடுத்தா உள்ள போறது 10 இல்ல, 25 யூனிட், சுகர் சரசரன்னு இறங்கிடும்! அந்த நேரத்துல வயல், சிரிஞ்சு, ஆர்டர் மூணையும் ரெண்டு பேரா சத்தமா படிச்சுட்டுதான் குடுக்கணும், தனியா இருந்தா பக்கத்து வார்டு சிஸ்டரக் கூப்பிடுங்க, அதுக்கு வெக்கப்படாதீங்க.

எல்லாருக்கும் 3 மணியே டல் ஆகும்னு இல்ல. ஒரே வரிய ரெண்டு தடவ படிக்கறீங்க, பேனா கோட்டை விட்டு இறங்குதுன்னா அந்த மணிய ஒரு வாரம் குறிச்சு வைங்க, உங்க நேரம் தெரிஞ்சிரும், அத வச்சு மேல சொன்னதை முன்ன பின்ன மாத்திக்கங்க.

காபி, டீ முதல் பாதியிலயே போதும், 3 மணிக்கு மேல குடிச்சா வீட்டுக்குப் போயி தூக்கம் வராது, அடுத்த நைட் இன்னும் மோசமாயிடும். இன்சார்ஜ்கிட்ட பேசி மாத்தி மாத்தி 20 நிமிஷம் கண்ணசர முடிஞ்சா 2 மணி வாக்குல எடுத்துக்கங்க, எழுந்ததும் ஒரு கால் மணி நேரம் மருந்து ட்ராலி பக்கம் போகாதீங்க, முகம் கழுவிட்டு முதல்ல வார்டை ஒரு சுத்து சுத்தி வாங்க.