கையொப்பத்தின் முதல் எழுத்தைப் பாருங்கள்

"ஜெர்மனியில் இருக்கிறேன். எக்ஸ்சேஞ்சிலிருந்து 0.05 பிட்காயினை என் எலெக்ட்ரம் வாலட்டுக்கு எடுக்கப் போட்டேன். 'Proof of ownership required' என்று நிறுத்திவிட்டார்கள். கேட்ட மெசேஜில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் 'Invalid signature' என்கிறது, மூன்று தடவை ஆகிவிட்டது. என் காசை என் வாலட்டுக்கு எடுக்க இவர்கள் யார் கேட்க? இப்போது என்ன செய்வது?"

நான்காவது தடவை போடுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் கையொப்பம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதைச் சரிபார்க்கும் எக்ஸ்சேஞ்சின் மென்பொருளுக்கு அது எழுதப்பட்ட வடிவம் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

"இவர்கள் யார் கேட்க" என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது அந்த நிறுவனம் தானாகப் போட்ட விதி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1113 எண் ஒழுங்குமுறை 2024 டிசம்பர் 30 முதல் அமலில் இருக்கிறது. அதன் 14ஆம் பிரிவுப்படி, வாடிக்கையாளர் தன் கையில் சாவி வைத்திருக்கும் முகவரிக்கு 1,000 யூரோவுக்கு மேல் எடுத்தால், அந்த முகவரி அவருடையதுதானா, அவர் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறதா என்று எக்ஸ்சேஞ்ச் மதிப்பிட்டே ஆகவேண்டும். நீங்கள் எடுப்பது அந்த வரம்பை நன்றாகவே தாண்டுகிறது. 1,000 யூரோவுக்குக் கீழே என்றாலும் முகவரி யாருடையது என்ற கேள்வி வரும், ஆனால் சட்டம் இந்தச் சான்றைக் கட்டாயமாக்கவில்லை. "அப்படியானால் 900, 900 ஆகப் பிரித்து எடு" என்று கீழே யாராவது எழுதுவார்கள். செய்யாதீர்கள். ஒரே முகவரிக்கு வரம்புக்குச் சற்றுக் கீழே அடுத்தடுத்துப் போகும் தொகைகளைத்தான் கண்காணிப்பு மென்பொருள் முதலில் பிடிக்கும். இப்போது இருப்பது வெறும் உரிமைச் சான்றுக் கேள்வி, பிரித்தால் அது சந்தேகப் பரிவர்த்தனை விசாரணையாக மாறிவிடும்.

நான் இந்தச் சட்டத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. விதி சரியா தவறா என்பது வேறு வாதம். உங்கள் 0.05 வெளியே வர வேண்டும், அதற்கான வழியைச் சொல்கிறேன்.

எந்த முறையில் நிரூபிக்கலாம் என்று ஐரோப்பிய வங்கி ஆணையம் 2024இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நடைமுறையில் உங்கள் முன் வருவது மூன்று: குறிப்பிட்ட வாசகத்தில் அந்த முகவரியின் சாவியால் கையொப்பமிடுவது, அந்த முகவரியிலிருந்து சொன்ன சிறுதொகையை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புவது, வாலட் திரையைப் படமாகவோ வீடியோவாகவோ காட்டுவது. கையொப்பம்தான் சிறந்தது. காசு நகர வேண்டாம், கட்டணம் இல்லை, முகவரியில் ஒரு சடோஷிகூட இல்லாவிட்டாலும் செல்லும்.

சரி, அது ஏன் தோற்கிறது? பிட்காயின் கையொப்ப முறை `1` என்று தொடங்கும் பழைய முகவரிகளுக்காக உருவானது. கையொப்பம் மொத்தம் 65 பைட். அதில் 64 பைட்தான் உண்மையான கணிதம். முதல் பைட் வெறும் தலைப்பு, "இது இன்ன வகை முகவரிக்கு" என்று சொல்லும் குறிப்பு. பின்னால் `bc1q` முகவரிகள் வந்தபோது, அவற்றுக்கு 39, 40 போன்ற புதிய தலைப்பு எண்களை BIP137 என்ற முன்மொழிவு ஒதுக்கியது. ட்ரெஸார் என்ற வன்பொருள் வாலட் அதைப் பின்பற்றுகிறது. எலெக்ட்ரமோ பழைய 31, 32 எண்களையே `bc1q`வுக்கும் போடுகிறது. சரிபார்க்கும் மென்பொருள் கண்டிப்பான BIP137 ஆக இருந்தால், எலெக்ட்ரம் கையொப்பத்தைப் பார்த்து "இது பழைய வகை முகவரிக்கானது, நீ கொடுத்த முகவரியோடு பொருந்தவில்லை" என்று தள்ளிவிடும். திரையில் உங்களுக்குத் தெரிவது 'Invalid signature' மட்டும்.

இதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். கையொப்பத்தின் முதல் எழுத்தைப் பாருங்கள். `H` அல்லது `I` என்றால் எலெக்ட்ரம் வடிவம். `J` அல்லது `K` என்றால் BIP137. `Ak` என்று தொடங்கினால் அது BIP322 என்ற மூன்றாவது, புதிய வடிவம்.

இப்போது முக்கியமான விஷயம். முதல் இரண்டு வடிவங்களிலும் உள்ள 64 பைட் ஒன்றேதான். தலைப்பு எண்ணில் 8 மட்டுமே வித்தியாசம். எழுத்தாக மாற்றும்போது அந்த 8 முதல் எழுத்தை மட்டும் இரண்டு இடம் நகர்த்துகிறது, மற்ற 87 எழுத்தும் அப்படியே இருக்கும். ஆகவே உங்கள் முகவரி 42 எழுத்துள்ள `bc1q` முகவரி என்றால், முதல் எழுத்தை மட்டும் இப்படி மாற்றி அதே கையொப்பத்தைக் கொடுங்கள்:

```
H -> J
I -> K
```

"இது போலிக் கையொப்பம் ஆகாதா?" என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: ஆகாது. சாவி இல்லாதவர் மீதி 87 எழுத்தை உருவாக்கவே முடியாது. நீங்கள் மாற்றுவது உறையின் மேல் எழுதிய முகவரி வகையை, உள்ளே இருக்கும் கடிதத்தை அல்ல. `3` என்று தொடங்கும் ஒற்றைச் சாவி முகவரி என்றால் வித்தியாசம் 4. அங்கே `H` என்பது `I` ஆகும், `I` என்பது `J` ஆகும்.

எழுத்தை மாற்றுவதற்கு முன், கையொப்பம் உண்மையிலேயே சரியா என்று எலெக்ட்ரமின் Console பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள்:

```
signmessage("bc1q...", "MESSAGE")
verifymessage("bc1q...", "SIGNATURE", "MESSAGE")
```

இரண்டாவது வரிக்கு `true` வந்தால் கோளாறு வடிவத்தில்தான். `false` வந்தால் வேறு மூன்று இடங்களைப் பாருங்கள். கையொப்பம் எப்போதும் 88 எழுத்து, கடைசி எழுத்து `=`. இரட்டைச் சொடுக்கில் நகலெடுக்கும்போது அந்த `=` விட்டுப்போவது மிகச் சாதாரணம். அடுத்தது வாசகம். எக்ஸ்சேஞ்ச் கொடுத்ததை வாட்ஸ்அப் வழியாகவோ வேர்டு கோப்பு வழியாகவோ கணினிக்குக் கொண்டுவந்தால் மேற்கோள் குறி வளைந்துவிடும், கடைசியில் ஒரு காலி இடமோ புது வரியோ ஒட்டிக்கொள்ளும். ஓர் இடைவெளி கூடினாலும் கையொப்பம் வேறு. மூன்றாவது முகவரி. வாலட் ஒவ்வொரு முறையும் புது முகவரி காட்டும். நீங்கள் எக்ஸ்சேஞ்சில் கொடுத்தது நேற்றைய முகவரி, இன்று கையொப்பமிட்டது இன்றைய முகவரி என்றால் இரண்டும் உங்களுடையதே ஆனாலும் செல்லாது. Addresses பட்டியலில் அந்தக் குறிப்பிட்ட முகவரியைத் தேடி, அதன் மேல் வலது சொடுக்கில் `Sign/verify message` திறப்பதுதான் பாதுகாப்பு.

முகவரி `bc1p` என்று தொடங்கினாலோ, 62 எழுத்துள்ள `bc1q` ஆக இருந்தாலோ மேலே சொன்னது எதுவும் உதவாது. முதலாவது டாப்ரூட் என்ற புதிய வகை, இரண்டாவது பெரும்பாலும் பல சாவி வாலட். இவற்றுக்கு BIP322 மட்டுமே உண்டு, எல்லா எக்ஸ்சேஞ்சும் அதை ஏற்பதில்லை. அங்கே போராடாமல், ஒற்றைச் சாவி `bc1q` முகவரிக்கு எடுத்து, பிறகு நீங்களே நகர்த்திக்கொள்ளுங்கள். ஒரு பரிவர்த்தனைக் கட்டணம் கூடும், வேலை முடிந்துவிடும்.

கையொப்பம் ஒத்துவராமல் சிறுதொகை முறைக்குத் தள்ளினால் இரண்டு இடத்தில் ஜாக்கிரதை. 0.00001357 அனுப்பச் சொன்னால் அதே தொகை போய்ச் சேர வேண்டும். கட்டணத்தைத் தொகையிலிருந்து கழிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். கூடவே, அது அதே முகவரியிலிருந்து கிளம்ப வேண்டும். வாலட்டை அதன் போக்கில் விட்டால் வேறு முகவரியில் கிடக்கும் காசை எடுத்து அனுப்பிவிடும். எலெக்ட்ரமில் Coins பகுதியில் அந்த முகவரியின் காசை நீங்களே தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். புது முகவரியில் காசே இல்லையே என்றால், எக்ஸ்சேஞ்சிடம் எழுதிக் கேட்டு, முதலில் ஒரு சிறுதொகையை அந்த முகவரிக்கு விடச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஓர் ஆதங்கம். இந்தத் தலைவலியெல்லாம் வராமல், எக்ஸ்சேஞ்சும் வாலட்டும் தாங்களே பேசி ஒரே அழுத்தில் சான்றை முடிக்க AOPP என்ற நெறிமுறை இருந்தது. ட்ரெஸார் அதைச் சேர்த்தது. "கண்காணிப்புக்குத் துணைபோகிறீர்கள்" என்று எதிர்ப்பு கிளம்ப, 2022 ஜனவரியில் நீக்குவதாக அறிவித்தது. எதிர்த்தவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் விதி போகவில்லை, வசதிதான் போனது. இன்று சாதாரண மனிதர்கள் அதே சான்றைக் கையால் நகலெடுத்து ஒட்டித் தடுமாறுகிறார்கள், இல்லையென்றால் முழு வாலட் திரையையும் படமெடுத்து அனுப்புகிறார்கள். படத்தில் மொத்த இருப்பும் மற்ற முகவரிகளும் தெரிகின்றன. தனியுரிமைக்கு இது எவ்வளவோ மோசம்.

கொடுக்கவே கூடாதவை: விதைச் சொற்கள், தனிச் சாவி, `xpub` அல்லது `zpub` என்று தொடங்கும் நீண்ட சரம். முதல் இரண்டும் போனால் காசு போகும். மூன்றாவது போனால் உங்கள் எல்லா முகவரிகளும், இனி வரப்போகும் முகவரிகளும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு முகவரியின் உரிமையை நிரூபிக்க இவற்றில் எதுவும் தேவையில்லை. கேட்பவர் எக்ஸ்சேஞ்ச் பெயரில் டெலிகிராமில் வந்த மோசடிக்காரராக இருக்கலாம். வாசகத்திலும் கவனம் வேண்டும். எக்ஸ்சேஞ்ச் பெயர், உங்கள் குறிப்பு எண், தேதி என்று படித்தால் புரிகிற வாசகத்தில் மட்டும் கையொப்பமிடுங்கள். நாளை எதீரியத்தில் இதே சான்று கேட்டு, வாலட் திரையில் `spender`, `value`, `deadline` என்று வந்தால் உடனே நிராகரியுங்கள். அது உரிமைச் சான்று இல்லை, உங்கள் டோக்கனை எடுக்க அனுமதி.

முகவரி உண்மையில் மனைவியுடையதோ நண்பருடையதோ என்றால் "என்னுடையது" என்று அறிவிக்காதீர்கள். மூன்றாம் நபர் என்று தேர்ந்தெடுத்து அவர் விவரம் கொடுக்க வழி இருக்கும்.

முதல் எழுத்தை மாற்றியும் தள்ளினால், அரட்டைப் பெட்டியில் சண்டை போடாமல் மின்னஞ்சலில் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: "எந்தக் கையொப்ப வடிவத்தை ஏற்கிறீர்கள், BIP137ஆ BIP322ஆ? நிறுத்தியதற்கு உரிமைச் சான்று மட்டும்தான் காரணமா?" இரண்டாவது கேள்வி முக்கியம். சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை கேட்டால் அது பணத்தின் மூலம் பற்றிய வேறு விசாரணை. அந்த முகவரி முன்பு தடைப்பட்டியலில் உள்ள இடத்தோடு தொடர்பு கொண்டிருந்தாலும் இப்படி நிற்கும். அப்போது நூறு கையொப்பம் போட்டாலும் நகராது. பதிலே வராவிட்டால் அதே மின்னஞ்சலை முறையான புகாராகப் பதியச் சொல்லுங்கள். கிரிப்டோ சந்தைக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் மைக்கா ஒழுங்குமுறையின் 71ஆம் பிரிவுப்படி உரிமம் பெற்ற எக்ஸ்சேஞ்ச் புகார்களைக் கட்டணமின்றி ஏற்று, விசாரித்து, முடிவைத் தெரிவிக்க வேண்டும்.