இரவுப் பணியின் மணிக்கணக்கு

"24 மணி நேர உதவி எண்ணில் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு, சான்றிதழுக்கான மணிக்கணக்கு விரிதாளில் தவறாக வருகிறது."

வணக்கம். இரவு 9.45க்கு வந்து மறுநாள் காலை 6.15க்குச் செல்பவரின் நேரங்களை நேரடியாகக் கழித்தால், நள்ளிரவைக் கடப்பதால், எட்டரை மணி நேரத்துக்குப் பதிலாக எதிர்மறை எண்தான் வரும். வந்த நேரம் B2விலும் சென்ற நேரம் C2விலும் இருக்குமானால் இதை இடுங்கள்:

```
=MOD(C2-B2,1)*24
```

விடைக் கட்டத்தின் வடிவத்தை 'எண்' என மாற்றினால் 8.5 தெரியும்.

பணிமுறை இரவு 10 முதல் காலை 6 வரை என்றாலும், முன்னும் பின்னும் கால் மணி நேரம் சேர்த்தே வரச் சொல்லுங்கள். மனம் உடைந்து பேசிக்கொண்டிருப்பவரின் அழைப்பைப் பணிநேரம் முடிந்ததும் துண்டிக்க முடியாது. அந்த அரை மணி நேரமும் உழைப்பே என்பதால், பொறுப்பேற்க வருபவர், செல்பவரின் நேரத்தைப் பதிவேட்டில் எழுதி அங்கேயே கையொப்பமிட வேண்டும்.